9,72,999 என்று எழுதப்பட்டதை எப்படிச் சுருக்குவது?

மேற்கு வங்க அரசு, ஒரு சாலையில் பயன்பாட்டுக் கட்டணம் வசூலிக்கும் உரிமையை 1,095 நாட்களுக்கு வழங்க ஒப்பந்தப்புள்ளி கோரியது. பணி வாங்கும் ஒப்பந்தங்களில் குறைந்த விலை கேட்பவர் முன்னிற்பார். இங்கே அரசுக்குப் பணம் வரவேண்டும் என்பதால் அதிகத் தொகை தர முன்வருபவரே முதலிடம் பெறுவார். அலுவலக வழக்கில் முன்னதை எல்-1 என்றும் பின்னதை எச்-1 என்றும் சொல்வார்கள். விலைப்புள்ளிகள் திறக்கப்பட்டபோது பிரகாஷ் அஸ்பால்டிங்ஸ் அண்ட் டோல் ஹைவேஸ் என்ற நிறுவனம் ரூ.91.19 கோடியுடன் எச்-1 ஆக இருந்தது. மந்தீபா எண்டர்பிரைசஸ் என்ற மற்றொரு நிறுவனத்தின் விலைப் பட்டியலில் இருந்த தொகை ரூ.9,72,999. மூன்றாண்டு உரிமைக்குப் பத்து லட்சம் ரூபாய்கூட இல்லை.

அந்த நிறுவனம் பின்னர் ஒரு விளக்கம் தந்தது. தான் குறிப்பிட்டது ஒரு நாளுக்குரிய தொகை, மொத்தத் தொகை அன்று. அதை 1,095 நாட்களால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கோரிக்கை. பெருக்கினால் ரூ.106,54,33,905 வருகிறது. எச்-1 நிறுவனத்தின் தொகையைவிட இது ஏறத்தாழ ரூ.15.35 கோடி அதிகம். கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இக்கோரிக்கையை ஏற்கவில்லை. இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை நீக்கியது.

வழக்கின் சட்டப் பொருளைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இங்கே எடுத்துக்கொள்வது அதற்கு முன்னுள்ள ஒரு சிறிய வேலை. மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கையைப் படித்து, யாருக்கு எத்தனை மதிப்பெண், யார் ஏன் விலக்கப்பட்டார், யாருக்கு வழங்கப் பரிந்துரை என்று ஒரு பக்கத்தில் சுருக்கி மேலதிகாரியிடமோ வாரியத்திடமோ வைக்கும் வேலை அது. பெரும்பாலான அலுவலகங்களில் முடிவெடுப்பவர் படிப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இத்தகைய கோப்புகளைப் பெற்று அரசு நிறுவனங்களை ஆராய்பவருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுவே. அந்த ஒரு பக்கத்தில் மந்தீபாவின் வரியை எப்படி எழுதுவது?

மூன்று விதமாக எழுத முடியும். ‘மந்தீபா: ரூ.9,72,999, கடைசி இடம்’ என்று எழுதலாம். ‘மந்தீபா: ரூ.106.54 கோடி, ஒரு நாள் தொகையாகத் தவறுதலாகக் குறித்தது’ என்று எழுதலாம். ‘மந்தீபா: விலைப்புள்ளி நிராகரிக்கப்பட்டது’ என்றும் எழுதலாம். மூன்றும் ஒரே நிகழ்வைச் சுருக்குவதாகவே தோன்றும். ஆனால் முதலாவது, ஒரு கோரிக்கை வந்ததை மறைக்கிறது. இரண்டாவது, ஒரு தரப்பின் வாதத்தை உண்மையாகப் பதிவுசெய்கிறது. எந்தக் கேள்விக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்றோ அதற்குச் சுருக்கம் எழுதியவரே விடை சொல்லிவிடுகிறார். மூன்றாவது, நடக்காத ஒன்றைச் சொல்கிறது. நிறுவனத்தின் விலைப்புள்ளி திறக்கப்பட்டது, படிக்கப்பட்டது, வரிசையில் நின்றது. வரிசையில் பின்தங்குவதும் நிராகரிக்கப்படுவதும் வெவ்வேறு நிகழ்வுகள்.

இந்த வேறுபாடு சொல்லாய்வு அன்று, நடைமுறை. இரண்டு உறை முறையில் ஒரு நிறுவனம் வாய்ப்பை இழக்கக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது தொடக்கச் சரிபார்ப்பு: முன்வைப்புத் தொகை, கையொப்பம், சான்றிதழ்கள் முதலியவை உள்ளனவா என்று பார்ப்பது. இரண்டாவது தொழில்நுட்ப மதிப்பீடு: குறைந்தபட்சத் தகுதியோ மதிப்பெண்ணோ உண்டா என்று பார்ப்பது. இவ்விரண்டில் ஒன்றில் விழுந்தவரின் விலை உறை திறக்கப்படுவதில்லை. அவர் எவ்வளவு கேட்டார் என்பது எவருக்கும் தெரியாது. மூன்றாவது விலை ஒப்பீடு. இங்கே தோற்றவர் எல்லாத் தகுதியும் உடையவர். இன்னொருவர் அவரைவிட நல்ல தொகை சொன்னார், அவ்வளவுதான். முதல் இரு இடங்களில் விழுந்தவரைப் பற்றி ‘நிராகரிக்கப்பட்டார்’ என்பது பொருந்தும். மூன்றாம் இடத்தில் நின்றவரைப் பற்றி அப்படிச் சொல்வது, அவரிடம் ஒரு குறை இருந்ததாகக் கோப்பில் நிலைநிறுத்துவதாகும். அடுத்த ஒப்பந்தத்தில் அந்த நிறுவனத்தைப் பற்றி விசாரிப்பவர், ‘முன்பு நிராகரிக்கப்பட்ட நிறுவனம்’ என்ற வரியைத்தான் காண்பார்.

தமிழில் எழுதும்போது இன்னுமொரு சிக்கல் சேர்கிறது. ‘நிராகரிக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினை, யார் நிராகரித்தார் என்பதையும் எந்த விதியின்படி என்பதையும் சொல்லாமலேயே வாக்கியத்தை நிறைவு செய்துவிடுகிறது. ‘நிபந்தனைகளை நிறைவு செய்யாததால் நிராகரிக்கப்பட்டது’ என்று நீட்டினாலும் புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. எது நிபந்தனை, எது நிறைவாகவில்லை என்னும் இரண்டும் வெளியேதான் நிற்கின்றன. நல்ல காரண வாக்கியத்தில் மூன்று உறுப்புகள் இருக்க வேண்டும்: ஆவணம் கேட்டது என்ன, நிறுவனம் கொடுத்தது என்ன, இரண்டும் பொருந்தவில்லை என்று குழு கண்டது எந்தப் பிரிவின்படி. இவற்றில் ஒன்று அறிக்கையிலேயே இல்லையென்றால், அது இல்லை என்று சுருக்கம் சொல்ல வேண்டும். தானாக நிரப்பக் கூடாது.

காரணங்களை இப்படி எழுதவேண்டியதற்குச் சட்டப் பின்புலமும் உண்டு. ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் 2017இல், வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசும் 173ஆம் விதி, ஒப்பந்தப்புள்ளி அளித்தவர் கேட்டால் நிராகரிப்புக்கான காரணத்தை வெளியிட வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏற்கப்பட்டவரின் பெயரோடு மற்றவர்களுடையவை நிராகரிக்கப்பட்ட காரணங்களையும் ஒப்பந்தப்புள்ளி இதழுக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஆகவே காரணப் பகுதி என்பது, தோற்றவர் மேல்முறையீட்டுக்குப் போகலாமா என்று தீர்மானிக்கப் படிக்கும் பகுதி.

மதிப்பெண்கள் இருக்கும் ஒப்பந்தம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொண்டால் இவை தெளிவாகும். கொல்கத்தாவில் ஓர் ஆய்வு நூலகம் தன் பழைய இதழ்த் தொகுப்புகளை எண்ணிமமாக்க ஒப்பந்தப்புள்ளி கோருகிறது என்று கொள்வோம். தரத்துக்கு 30 விழுக்காடு, விலைக்கு 70 விழுக்காடு எடை. தொழில்நுட்பத்தில் குறைந்தது 70 மதிப்பெண் பெற்றவரின் விலை உறையே திறக்கப்படும். நிதியமைச்சகம் 2021 அக்டோபர் 29 அன்று வெளியிட்ட பொது அறிவுறுத்தல்கள், ஆலோசனைப் பணி அல்லாத கொள்முதல்களில் தரத்துக்கு அதிகபட்சமாக 30 விழுக்காடு எடைதான் அனுமதிக்கின்றன. எனவே நூலகம் அந்த எல்லையில் நிற்கிறது.

நான்கு நிறுவனங்கள் வருகின்றன. அவற்றை அ, ஆ, இ, ஈ என்று குறிப்போம். அ 88 மதிப்பெண், ஆ 76, இ 64. ஈ மதிப்பெண் கட்டத்தையே எட்டவில்லை. விலை உறைகள் திறக்கப்பட்டபோது அ கேட்டது ரூ.1.20 கோடி, ஆ கேட்டது ரூ.96 லட்சம். மிகக் குறைந்த விலைக்கு 100 விலை மதிப்பெண்; மற்றவருக்கு, குறைந்த விலையை அவருடைய விலையால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். எனவே ஆ 100, அ 80. அ நிறுவனத்தின் கூட்டு மதிப்பெண் 88இல் 30 விழுக்காடான 26.4உம் 80இல் 70 விழுக்காடான 56உம் சேர்ந்து 82.4. ஆ நிறுவனத்துக்கு 22.8உம் 70உம் சேர்ந்து 92.8. குழு ஆ நிறுவனத்தைப் பரிந்துரைக்கிறது.

இதைச் சுருக்குபவர் பெரும்பாலும் ‘அ 82.4, ஆ 92.8, இ 64, ஈ 0’ என்று ஒரே நெடுவரிசையில் எழுதிவிடுவார். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும் இந்த வரிசையில் மூன்று வெவ்வேறு அளவைகள் கலந்துள்ளன. முதல் இரண்டும் கூட்டு மதிப்பெண். மூன்றாவது தொழில்நுட்ப மதிப்பெண் மட்டும். நான்காவது மதிப்பெண்ணே அன்று. ஈ நிறுவனத்தைக் குழு மதிப்பிடவில்லை. மதிப்பிடாமைக்கும் மதிப்பிட்டுச் சுழியம் கொடுத்தமைக்கும் இடையிலான தூரம் பெரிது: சுழியம் என்றால் அந்நிறுவனத்தின் திறமை பார்க்கப்பட்டு ஒன்றுமில்லை என்று கணிக்கப்பட்டதாகப் பொருள். அவ்விடத்தில் ‘மதிப்பிடப்படவில்லை’ என்றே எழுத வேண்டும். இ நிறுவனத்தின் வரியில் 64க்கு அருகே ‘விலை உறை திறக்கப்படவில்லை’ என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அது கேட்ட விலை என்ன என்று மேலதிகாரி கேட்பார், கோப்பில் இல்லாத ஓர் எண்ணைத் தேடி ஒருவர் அலைவார்.

இதே எண்களில் இன்னொன்றும் மறைந்திருக்கிறது. எடைகளை மாற்றித் தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று கணக்கிட்டுப் பார்த்தால் அ நிறுவனத்துக்கு 85.6உம் ஆ நிறுவனத்துக்கு 83.2உம் வருகின்றன. வெற்றி இடம் மாறிவிடுகிறது. ஒரு மதிப்பெண்கூட மாறவில்லை, ஒரு விலைகூட மாறவில்லை. எடை மட்டுமே மாறியது. ஆகவே எடை விகிதம் சொல்லாத மதிப்பெண் பட்டியல், படிப்பவருக்குச் சரிபார்க்கும் வழியை அடைத்துவிடுகிறது. தொழில்நுட்பம், விலை, கூட்டு என மூன்று நெடுவரிசைகளும் மேலே ஒரு வரியில் எடையும் இருந்தால், கணக்கை எவரும் தாளில் போட்டுப் பார்க்கலாம். அந்த எடை, ஒப்பந்தப்புள்ளி கோரிய அறிவிப்பில் இருந்த எடையாக இருக்கிறதா என்பதும் அப்போதுதான் கேள்வியாக எழும். உறைகள் திறந்த பின்னர் எடை மாறியிருந்தால் அதுவே மிகப் பெரிய செய்தி. சுருக்கத்தில் எடை இல்லாவிட்டால் அந்தச் செய்தியும் இல்லை.

ஈ நிறுவனத்தின் காரணத்தைப் பார்ப்போம். ‘முன்வைப்புத் தொகை செலுத்தாததால் தகுதியிழந்தது’ என்று எழுதினால் அது பொய் அன்று. ஆனால் குழுவின் அறிக்கை சொல்வது வேறு: அந்நிறுவனம் சிறுதொழில் நிறுவனம் என்ற முறையில் விலக்குக் கோரி உத்யம் பதிவுச் சான்றிதழை இணைத்திருந்தது, சான்றிதழில் அதன் தொழில் சில்லறை வணிகம் என்று இருந்தது, சிறுதொழில்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கையின் சலுகைகள் வணிகர்களுக்கு இல்லை என்பதால் விலக்கு ஏற்கப்படவில்லை. முதல் வாக்கியத்தைப் படிப்பவர், கவனமில்லாத நிறுவனம் என்று நினைப்பார். இரண்டாவதைப் படிப்பவருக்கு, ஒரு சலுகை கேட்கப்பட்டதும் அது மறுக்கப்பட்டதும் தெரியும். மறுத்தது சரியா என்று அவர் ஆராயவும் முடியும். இரண்டுக்கும் நீளத்தில் உள்ள வேறுபாடு ஒரு வரி. சுருக்கம் என்ற பெயரில் அந்த ஒரு வரியை வெட்டினால், ஈ நிறுவனம் கேட்ட கேள்வி கோப்பிலிருந்து போய்விடும்.

எண்ணைத் திருத்துவது பற்றிய சிக்கலுக்கு இப்போது திரும்பலாம். மந்தீபா வழக்குக்கு முன்னோடி ஒன்று உண்டு. அதுவும் மேற்கு வங்கத்தினுடையதே. புருலியா மாவட்டத்தின் அயோத்தியா குன்றுகளில் 900 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் இருக்கிறது. அதன் கட்டுமானத்துக்காக அன்றைய மேற்கு வங்க மாநில மின்வாரியம் பன்னாட்டு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, படேல் என்ஜினீயரிங் நிறுவனத்தை உள்ளடக்கிய கூட்டு, தன் ஆவணத்தின் அலகு விலைகளில் பிழைகள் நேர்ந்துவிட்டதாகவும் அவற்றைத் திருத்த அனுமதிக்க வேண்டும் என்றும் கோரியது. அலகு விலை என்பது ஒரு கனமீட்டர் தோண்டுவதற்கு, ஒரு டன் இரும்புக்கு என்று வரிதோறும் குறிப்பது; அதை அளவால் பெருக்கினால் அவ்வரியின் மொத்தம் வரும். இரண்டும் முரண்பட்டால் அலகு விலையே செல்லும், மொத்தம் திருத்தப்படும் என்பது அந்த ஆவணத்தில் முன்பே எழுதப்பட்டிருந்த விதி. அவ்விதிப்படி வாரியம் கணக்கிட்டபோது கூட்டின் மொத்தத் தொகை உயர்ந்தது. கொல்கத்தா உயர் நீதிமன்றம் நிறுவனங்களின் பக்கம் நின்றது; உச்ச நீதிமன்றம் 2001 ஜனவரியில் அதை மாற்றியது. போட்டியாளர் அனைவரையும் கட்டுப்படுத்தும் விதியை ஒருவருக்காகத் தளர்த்தினால் பாகுபாட்டுக்கும் சலுகைக்கும் கதவு திறக்கும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால், திருத்தம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு செயல்கள் இருப்பது தெரிகிறது. புருலியாவில் வாரியம் செய்தது, ஆவணமே முன்கூட்டிச் சொன்ன கணக்குத் திருத்தம். அதைக் குழு செய்யலாம், செய்யவும் வேண்டும். அங்கே நிறுவனங்கள் கேட்டதும் பின்னாளில் மந்தீபா கேட்டதும், தாம் எழுதிய எண்ணுக்குப் பதிலாகத் தாம் எண்ணிய எண்ணை வைக்கும் திருத்தம். மந்தீபாவின் விலைப் பட்டியலில் தம்முள் முரண்படும் இரண்டு எண்கள் இருந்து, அவற்றுள் எது செல்லும் என்ற கேள்வி எழவில்லை. ஓர் எண் இருந்தது. அது வேறொரு பொருளில் படிக்கப்பட வேண்டும் என்று பின்னர் சொல்லப்பட்டது. உறைகள் திறந்து, போட்டியாளரின் தொகை வெளியான பிறகு சொல்லப்பட்டது.

உலக வங்கியின் ஒப்பந்தப்புள்ளி மதிப்பீட்டுப் படிவத்தின் அமைப்பு இங்கே உதவும். திறக்கும்போது உரக்கப் படிக்கப்பட்ட விலைக்கு ஒரு தனி அட்டவணை. கணக்குப் பிழைத் திருத்தங்களுக்கும் தள்ளுபடிக்கும் இன்னொரு அட்டவணை. நாணய மாற்றத்துக்கும் பிற சரிக்கட்டல்களுக்கும் மேலும் சில. ஒரே விலை இத்தனை அட்டவணைகளைக் கடந்து வருவதால், எந்தக் கட்டத்தில் எந்த விதியால் எவ்வளவு மாறியது என்று பின்னோக்கிச் சென்று பார்க்க முடிகிறது. சுருக்கத்தில் அத்தனை அட்டவணைகளுக்கும் இடமில்லை. இரண்டு நெடுவரிசைக்கு இடமுண்டு: படிக்கப்பட்ட தொகை, மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட தொகை. இரண்டும் ஒன்றானால் அப்படியே இருக்கட்டும்; வேறானால் வேறுபாட்டுக்கான பிரிவு எண் அருகில் நிற்கட்டும். மந்தீபாவுக்கு இரண்டு நெடுவரிசையிலும் 9,72,999தான் வரும். 106,54,33,905 என்ற எண் எந்த நெடுவரிசைக்கும் உரியதன்று. அது ஒரு கோரிக்கையின் பகுதி. கோரிக்கையாகவே பதிவாக வேண்டும்.

அவ்வாறானால் அந்த வரி ஏறத்தாழ இப்படி அமையும்: ‘மந்தீபா எண்டர்பிரைசஸ்: தொழில்நுட்பத் தகுதி பெற்றது. படிக்கப்பட்ட தொகை ரூ.9,72,999, மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டதும் அதுவே. இது ஒரு நாள் தொகை என்றும் 1,095 நாட்களுக்குப் பெருக்கி ரூ.106,54,33,905 எனக் கொள்ள வேண்டும் என்றும் விலை உறைகள் திறந்த பின் நிறுவனம் கோரியுள்ளது. திறந்த பின் விலையை மாற்ற ஆவணத்தில் இடமில்லை.’ இதன் அடியில், கோரிக்கை வந்த நாளும் அதன்மீது எடுக்கப்பட்ட முடிவும் கோப்பில் உள்ளபடி சேர வேண்டும். இந்த வரியில் ‘தவறுதலாக’ என்ற சொல் இல்லை. ‘நிராகரிப்பு’ என்ற சொல்லும் இல்லை. ‘கோரியுள்ளது’ என்ற வினை, கூற்றின் பொறுப்பை நிறுவனத்திடமே விடுகிறது. தமிழில் கூற்றையும் உண்மையையும் பிரித்துக் காட்ட ‘என்று’ என்னும் இடைச்சொல் போதும். அலுவலகச் சுருக்கங்களில் முதலில் உதிர்வதும் அதுதான். ‘அனுபவம் போதாது என்று குழு கருதியது’ என்பது ‘அனுபவம் போதாது’ ஆகிறது. குழுவின் கருத்து நிறுவனத்தின் இயல்பாகிவிடுகிறது.

பரிந்துரைப் பகுதிக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும். பரிந்துரை என்பது ஒப்பந்தம் வழங்கியாயிற்று என்பதன்று. ஏற்கும் அதிகாரம் வேறொருவரிடம் இருக்கிறது. ‘பிரகாஷ் அஸ்பால்டிங்ஸ் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது’ என்று மதிப்பீட்டுக் கட்டத்தில் எழுதினால், மேலதிகாரியின் முடிவைச் சுருக்கமே எடுத்துவிட்டதாகும். யாருக்கு, எந்தத் தொகைக்கு, எத்தனை காலத்துக்கு, எந்த நிபந்தனையோடு என்னும் நான்கும் இருந்தால் போதும். குழுவில் எவரேனும் மாறுபட்ட குறிப்பு எழுதியிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். ‘குழு ஒருமனதாகப் பரிந்துரைத்தது’ என்று எழுதும் முன் எல்லாக் கையொப்பங்களும் இருக்கின்றனவா என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

பரிந்துரைக்கப்பட்டவரின் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் அந்த வழக்கு காட்டுகிறது. மந்தீபா உயர் நீதிமன்றம் சென்றபோது எச்-1 நிறுவனத்தை வழக்கில் தரப்பாகச் சேர்க்கவில்லை. அமர்வின் தீர்ப்பால் நேரடியாகப் பாதிக்கப்படுபவர் அதன் முன் பேசவே இல்லை. உச்ச நீதிமன்றம் இதையும் குறையாகக் கண்டது. ஒரு விலையைத் திருத்துவது திருத்துபவருக்கும் அரசுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலாகவே தோன்றும். ஆனால் வரிசையில் ஒருவர் ஏறும்போது இன்னொருவர் இறங்குகிறார். சுருக்கத்தில் ஓர் எண்ணைச் ‘சரிசெய்யும்’போதும் அதுவே நடக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நெருடல் எஞ்சி நிற்கிறது. அதை மறைப்பதும் நேர்மையாகாது. ரூ.15.35 கோடி சிறிய தொகை அன்று. அதிகம் தர ஒருவர் அணியமாக இருக்கும்போது குறைவாகத் தருபவரிடம் சாலையை ஒப்படைப்பது பொது நலனா என்ற கேள்வி, இரு நீதிபதிகள் அமர்வுக்கு வலுவாகவே தோன்றியிருக்கிறது. கேள்வி பொருளற்றதன்று. அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது இதுதான்: எல்லாருடைய தொகையும் தெரிந்த பிறகு ஒருவர் மட்டும் தன் எண்ணை விளக்கலாம் என்றால், அடுத்த முறை வேண்டுமென்றே இருபொருள்பட ஓர் எண்ணை எழுதிவைத்து, உறைகள் திறந்ததும் எது ஆதாயமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். மந்தீபா அப்படிச் செய்தது என்று எவரும் கருதத் தேவையில்லை. செய்யக்கூடிய எவருக்கும் வழி திறக்கக் கூடாது என்பதே விதியின் நோக்கம்.

இந்த இரு பக்கங்களையும் எடைபோட வேண்டியவர்கள் குழுவும் ஏற்கும் அதிகாரியும் நீதிமன்றமும். சுருக்கம் எழுதுபவருக்கு அந்த வேலை இல்லை; அவர்கள் எடைபோடத் தேவையானவை ஒன்றும் குறையாமல் அந்தப் பக்கத்தில் இருக்கச் செய்வதே அவருடைய வேலை. அதனால்தான் 106,54,33,905 என்ற எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், 15.35 கோடி வேறுபாடு தெரியாமலே அதிகாரி ஒப்பமிடுவார். அது விலை நெடுவரிசையில் ஏறிவிட்டாலோ, ஒரு விதி மீறப்பட்டது தெரியாமலே ஒப்பமிடுவார்.

ஒப்பந்தக் கோப்புகளை ஆய்வுத் தரவாகக் கொள்ளும் மாணவர்கள் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தோற்ற நிறுவனம் ஒன்றின் இடத்தில் தம்மை நிறுத்திக்கொள்ள வேண்டும். எந்தக் கட்டத்தில் தோற்றோம், எந்தப் பிரிவினால், நாம் எழுதிய எண் எது, குழு எடுத்துக்கொண்ட எண் எது, நாம் கேட்டதற்கு என்ன பதில் என்னும் ஐந்துக்கும் அந்தப் பக்கத்திலேயே விடை கிடைக்க வேண்டும். கிடைக்காத கேள்விக்கு முழு அறிக்கையில் விடை இருக்கிறதா என்று அடுத்துத் தேட வேண்டும். அங்கே இருந்தால் பிழை சுருக்கத்தினுடையது. அங்கேயும் இல்லையென்றால் அது மதிப்பீட்டினுடையது. ஆய்வு தொடங்க வேண்டியதும் அங்கிருந்துதான்.